ஜித்தா என்றால் எந்த ஜித்தா? உம்ரா பயணத்தில் ரயிலும் காரும் பதிவு செய்யும் முறை



சென்ற ஆண்டு உம்ராவுக்குப் போன நம் ஊர்க் குடும்பம் ஒன்று ஜித்தா விமான நிலையத்திலிருந்து எனக்கு போன் செய்தது. கணவன், மனைவி, ஏழு வயது மகன், முழங்கால் வலியுள்ள மாமியார் என நான்கு பேர். பேசியது மருமகள்.

"மாமா, ஏர்போர்ட்டுல இருக்கிற ரயில் ஸ்டேஷனுக்கு வந்துட்டோம். டிக்கெட்டைக் காட்டினா கேட்டு திறக்க மாட்டேங்குது. அங்க நிக்கிறவரு வேற ஸ்டேஷன்னு சொல்றாரு. டிக்கெட்டுல ஜித்தான்னுதானே போட்டிருக்கு?"

டிக்கெட்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். ஜித்தா என்றுதான் இருந்தது. ஆனால் அதற்குப் பக்கத்தில் Sulaymaniyah என்றும் இருந்தது. அது நகரத்துக்குள் இருக்கும் இன்னொரு ஸ்டேஷன். விமான நிலையத்திலிருந்து காரில் போக அரை மணி நேரமாவது ஆகும். ரயில் புறப்பட இருபது நிமிடம்தான் இருந்தது. அந்த டிக்கெட் போனது போனதுதான். முழங்கால் வலியோடு மாமியாரை உட்கார வைத்துவிட்டு, இரவு நேரத்தில் கார் தேடி, ரயிலைவிடப் பல மடங்கு செலவு செய்து மக்காவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

அவர்களுக்கு ஆங்கிலம் தெரியும். பணமும் இருந்தது. கட்டணத்தை நான்கு நாள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஆனால் ஸ்டேஷன் பெயரை ஒரு நொடிதான் பார்த்தார்கள். பதிவுத் திரையில் பெரும்பாலோர் செய்வது இதுதான். விலையில் ஏமாந்தால் சில ரியால்தான் போகும். இடத்தில் தவறினால் பயணமே போய்விடும். அதனால் முதலில் இடம், அடுத்து நேரம், பிறகு வகுப்பு, கடைசியாக இருக்கை என்ற வரிசையில் முடிவெடுக்க வேண்டும். அதே குடும்பம் மக்காவிலிருந்து மதீனா போக டிக்கெட் எடுத்தபோது இந்த வரிசையில் உட்கார்ந்து செய்தோம். அதையே பாடமாக இங்கே எழுதுகிறேன்.

ஐந்து ஸ்டேஷன்கள்

ஹரமைன் அதிவேக ரயில் 2018-ல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. மக்காவையும் மதீனாவையும் இணைக்கும் சுமார் 450 கிலோமீட்டர் பாதை அது. மணிக்கு 300 கிலோமீட்டர் வேகம் வரை ஓடும். மக்காவிலிருந்து மதீனாவுக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். வழியில் மொத்தம் ஐந்தே ஸ்டேஷன்கள்: மக்கா, ஜித்தா சுலைமானிய்யா, ஜித்தா விமான நிலையம், மன்னர் அப்துல்லாஹ் பொருளாதார நகரம், மதீனா. எல்லா ரயிலும் எல்லா ஸ்டேஷனிலும் நிற்காது.

இதில் ஜித்தா இரண்டு முறை வருகிறது. விமானத்திலிருந்து இறங்குபவருக்கும் விமானம் ஏறப் போகிறவருக்கும் Airport என்ற சொல் உள்ள ஸ்டேஷன்தான் வேண்டும். ஜித்தா நகரத்தில் உறவினர் வீட்டில் தங்குபவருக்குத்தான் Sulaymaniyah. ஆங்கில எழுத்துக்கூட்டல் திரைக்குத் திரை சற்று மாறும். ஆகவே Jeddah என்ற சொல்லைப் பார்த்ததும் தொட்டுவிடாமல், அதை ஒட்டி வரும் சொல்லையும் படியுங்கள்.

இதிலேயே இன்னொன்றும் இருக்கிறது. விமான நிலைய ரயில் ஸ்டேஷன் முதலாம் முனையத்தோடு இணைந்தது. ஜித்தா விமான நிலையத்தில் வடக்கு முனையம், ஹஜ் முனையம் என்று வேறு முனையங்களும் உண்டு. அங்கே இறங்குபவர் பெட்டிகளோடு வாகனம் பிடித்துத்தான் ரயிலுக்கு வர வேண்டும். உங்கள் விமான டிக்கெட்டில் எந்த முனையம் என்று போட்டிருக்கும். அது ஒன்று இல்லையென்றால், கூடுதலாக ஒரு மணி நேரம் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

தேதியும் நேரமும்

மதீனா பயணத்துக்குப் பதிவு செய்ய உட்கார்ந்ததும் மருமகள் கேட்டது இதுதான்: "மாமா, மதியம் 2 மணி ரயில் விலை கம்மியா இருக்கு. 11 மணி ரயில் கொஞ்சம் ஜாஸ்தி. 2 மணிக்கே போட்டுரவா?"

ஒரே பாதையில் ஒரே நாளில் ரயிலுக்கு ரயில் கட்டணம் மாறுவது அங்கே சகஜம். ஆனால் விலையைப் பார்க்கும் முன் மக்காவின் தெருவைப் பார்க்க வேண்டும். ஹரமைச் சுற்றியுள்ள சாலைகளில் ஒவ்வொரு தொழுகைக்கும் முன்னும் பின்னும் கூட்டம் நிரம்பிவிடும். பல இடங்களில் காவலர்கள் வாகனங்களை நிறுத்திவிடுவார்கள். அந்த நேரத்தில் கார் கூப்பிட்டால் வந்து சேராது, வந்தாலும் வெளியே போக முடியாது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம் இன்னும் கடினம்.

ஆகவே பின்னாலிருந்து கணக்குப் போட்டோம். 2 மணி ரயிலுக்கு 1 மணிக்குள் ஸ்டேஷனில் இருக்க வேண்டும். ரயில் புறப்படுவதற்குச் சில நிமிடம் முன்பே கேட் மூடப்படும். பெட்டிகளைச் சோதனை செய்வார்கள். உடன் ஒரு பெரியவரும் இருக்கிறார். 1 மணிக்கு அங்கே இருக்க, 12:10-க்குக் கார் ஏற வேண்டும். மக்காவில் லுஹர் பாங்கு 12 மணியைத் தாண்டியதும் வரும். அதாவது சாலை மூடும் நேரத்துக்குச் சரியாகக் கார் கேட்கிறோம்.

11 மணி ரயிலைப் பாருங்கள். 10 மணிக்கு ஸ்டேஷன், 9:10-க்குக் கார், 9 மணிக்கு விடுதி வரவேற்பறை. சுபுஹு முடிந்து சாலை வெறிச்சோடிய நேரம், லுஹருக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறது. மதீனாவுக்கு 1:20-ஐ ஒட்டிப் போய்ச் சேரலாம். அன்று இரவு மாமியாருக்கு ரவ்ளாவில் தொழ நுசுக் செயலியில் அனுமதி கிடைத்திருந்தது. அந்த நேரம் தவறினால் அதே பயணத்தில் மறுபடி இடம் கிடைப்பது எளிதல்ல. 2 மணி ரயில் தவறியிருந்தால் அந்த அனுமதியும் கைவிட்டுப் போகும் அபாயம் இருந்தது. 11 மணி ரயிலையே எடுத்தோம்.

தேதியில் ஒரு சிறு எச்சரிக்கை. விமானம் இரவு 11:15-க்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். குடியேற்றச் சோதனை முடிந்து பெட்டி எடுக்கும்போது நள்ளிரவு தாண்டியிருக்கும். அப்போது நீங்கள் ஏறக்கூடிய ரயில் அடுத்த தேதிக்கு உரியது. விமானம் இறங்கும் தேதியையே ரயிலுக்கும் போட்டால், அந்த ரயில் ஏற்கெனவே போயிருக்கும். அந்த நேரத்துக்கு ரயில் இருக்கிறதா என்பதையும் அட்டவணையில் பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் காருக்குத்தான் திட்டமிட வேண்டும். திரையில் காட்டும் நேரமெல்லாம் சவூதி நேரம். அது நம் நேரத்துக்கு இரண்டரை மணி பின்னால்.

எக்கானமியா, பிசினஸா?

இரண்டு வகுப்புகள் உண்டு: Economy, Business. பிசினஸ் என்றால் வசதி என்று நினைத்துப் பெரியவர்களுக்காக அதை எடுப்பவர்கள் உண்டு. எக்கானமியிலும் குளிர்சாதனம் உண்டு, சாய்ந்து உட்காரும் இருக்கை உண்டு. பயணமும் இரண்டு மணி நேரச் சொச்சம்தான். இரவு முழுதும் படுத்துப் போகும் பயணமல்ல. எனவே இங்கே பார்க்க வேண்டியது இருக்கைகளின் அமைப்பு.

எக்கானமியில் ஒரு வரிசைக்கு நடைவழியின் இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என நான்கு இருக்கை. பிசினஸில் ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் ஒன்று என மூன்றுதான். நான்கு பேர் கொண்ட குடும்பம் எக்கானமியில் ஒரே வரிசையில் அமரலாம். பிசினஸில் அதே குடும்பம் கட்டாயம் இரண்டு வரிசையாகப் பிரியும். கூடுதல் பணம் கொடுத்துப் பிரிந்து உட்கார்வதில் என்ன லாபம்?

ஆனால் பிசினஸ் பொருந்தும் இடம் ஒன்று உண்டு. தனியாகப் போகும் பெண்ணுக்கு, குழுவிலிருந்து பிரிந்து ஒருவேளை ஒற்றையாகப் பயணிக்க நேர்ந்த தாய்க்கு, அந்த ஒற்றை இருக்கை மிகவும் நல்லது. பக்கத்தில் அந்நிய ஆண் உட்கார வழியே இல்லை. எக்கானமியில் இருக்கையைத் தேர்ந்தெடுத்தாலும், பக்கத்து இருக்கையில் யார் வருவார் என்பது உங்கள் கையில் இல்லை. அந்த நிம்மதிக்குக் கூடுதல் கட்டணம் தகும். அப்போது திரையின் வரைபடத்தில் ஒற்றை வரிசைப் பக்கத்தைத்தான் தொட வேண்டும். இரட்டைப் பக்கத்தைத் தொட்டால் கொடுத்த பணத்தின் நோக்கமே போய்விடும்.

இருக்கை

நான்கு பேரையும் ஒரே பதிவில் எடுங்கள். மச்சான் தன் போனில் இரண்டு, மனைவி தன் போனில் இரண்டு என்று எடுத்தால் வெவ்வேறு பெட்டிகளில் விழ வாய்ப்பு உண்டு. நீண்ட ரயில் அது, பதிமூன்று பெட்டிகள். மூன்றாம் பெட்டியிலும் பத்தாம் பெட்டியிலும் பிரிந்தால் நடுவழியில் ஒருவரையொருவர் பார்க்கப் போவதே சிரமம்.

அந்தக் குடும்பத்துக்கு இப்படி வைத்தோம். மகன் ஜன்னலோரம், அவனை அடுத்து நடைவழியோரம் மாமியார். நடைவழியின் மறுபக்கம் மருமகள், அவரை அடுத்து ஜன்னலோரம் கணவர். முழங்கால் வலியுள்ளவரை ஜன்னலோரம் வைத்தால், எழுந்து போகும்போதெல்லாம் பக்கத்தவரைத் தாண்ட வேண்டும். நடைவழியோரம் என்றால் காலையும் சற்று நீட்டிக்கொள்ளலாம். கழிவறைக்கு அருகில் உள்ள வரிசை காலியாக இருந்தால் பெரியவர்களுக்கு அது நல்லது.

ஒரே வரிசையில் நான்கு கிடைக்கவில்லையா? முன் வரிசையில் இரண்டு, அதன் பின் வரிசையில் இரண்டு எடுங்கள். குழந்தையைத் தனியே விடும்படி மூன்றும் ஒன்றுமாக எடுக்க வேண்டாம். சில நேரம் இருக்கையைத் திரையே ஒதுக்கிவிடும். அப்படியானால் பணம் கட்டும் முன், நான்கு பெயருக்கும் பெட்டி எண் ஒன்றுதானா என்று பாருங்கள்.

இன்னொன்று, நம் நாட்டு ரயில் பழக்கத்தில் காத்திருப்போர் பட்டியலில் எடுத்துவிட்டு உறுதியாகும் என்று காத்திருப்போம். இங்கே அந்த முறை கிடையாது. இருக்கை இருந்தால்தான் டிக்கெட். ரமளானிலும் பள்ளி விடுமுறைகளிலும் முன்கூட்டியே எடுத்துவிடுவது அதனால்தான் அவசியமாகிறது. எடுக்கும்போது ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும், எத்தனை மணி நேரம் முன்பு ரத்து செய்ய வேண்டும் என்பதைப் பணம் கட்டும் திரையிலேயே படித்துவிடுங்கள்.

பெயரும் பணமும்

ஒவ்வொருவரின் பாஸ்போர்ட் எண்ணும் கேட்கப்படும். இந்தியப் பாஸ்போர்ட் எண்ணில் முதலில் ஓர் ஆங்கில எழுத்து, பிறகு ஏழு இலக்கங்கள். ஆகவே முதல் இடத்தைத் தவிர வேறு எங்கும் வட்டமாகத் தெரிவது பூஜ்யம்தான், ஓ என்ற எழுத்தல்ல. நம்மில் பலருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருக்கும். திரையோ அதைக் கேட்கும். அங்கே நீங்களாக ஒன்றைப் போடாமல், விசாவில் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே போடுங்கள்.

பணம் கட்டும்போது அட்டை மறுக்கப்பட்டால் பதற வேண்டாம். ரிசர்வ் வங்கியின் 2020 விதிப்படி, புதிதாக வழங்கும் அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடு அணைக்கப்பட்டே வரும். உங்கள் வங்கிச் செயலியில் அதை நீங்கள்தான் திறக்க வேண்டும். பணம் கட்டும் ஓடிபி இந்திய எண்ணுக்கு வரும். மக்காவில் புது சிம் போட்டு இந்திய சிம்மைக் கழற்றி வைத்துவிட்டால் ஓடிபி வராது. கார் செயலிகளும் முதல் முறை நுழையும்போது ஓடிபி கேட்கும். ஆகவே அவற்றை ஊரிலேயே இறக்கி, உள்நுழைந்து, அட்டையைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டேஷனுக்குப் போகும் கார்

மக்கா ரயில் நிலையம் ஹரமுக்குப் பக்கத்தில் இல்லை. ருஸைஃபா பகுதியில், ஹரமிலிருந்து சுமார் நான்கு கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. வெயிலில் பெட்டியோடு நடக்கும் தூரமல்ல. சவூதியில் ஊபர், கரீம் போன்ற செயலிகள் ஓடுகின்றன. இதிலும் முதலில் இடத்தைத்தான் பார்க்க வேண்டும்.

போகும் இடத்தில் வெறுமனே ரயில் ஸ்டேஷன் என்று தட்டினால், மினா, முஸ்தலிஃபா, அரஃபாத் பெயர் கொண்ட ஸ்டேஷன்களும் வரக்கூடும். அவை 2010-ல் திறக்கப்பட்ட மஷாஇர் ரயிலுக்கு உரியவை. அந்த ரயில் ஹஜ் நாட்களில் மட்டுமே ஓடும். மற்ற நாட்களில் அங்கே போய் இறங்கினால் பூட்டிய கட்டடம்தான் இருக்கும். Haramain என்ற சொல்லும் Rusayfah என்ற பகுதிப் பெயரும் இருக்கிறதா என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

அடுத்தது கார் வகை. திரையில் கார் படத்துக்குப் பக்கத்தில் 4, 6 என்று இருக்கும். அது ஆட்களின் எண்ணிக்கை. பெட்டிகளைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் குடும்பத்திடம் நான்கு பெரிய பெட்டிகள். சாதாரணக் காரின் டிக்கியில் இரண்டு பெரிய பெட்டி தாராளமாகப் போகும், மூன்றாவது சிரமம், நான்காவதற்கு இடமில்லை. எனவே நான்கு பேர்தான் என்றாலும் ஆறு பேர் கார் எடுத்தோம். பின் வரிசையை மடித்தால் அங்கே பெட்டிகளை வைக்கலாம்.

இதன் மறுபக்கத்தையும் கவனியுங்கள். ஆறு பேரும் ஆறு பெட்டியும் இருந்தால் ஆறு பேர் கார் போதாது. கடைசி வரிசையிலும் ஆள் உட்கார்ந்தால் டிக்கியில் கைப்பை வைக்கத்தான் இடம் மிஞ்சும். அப்போது இரண்டு கார். ஒவ்வொரு காரிலும் செயலி உள்ள போனோடு ஒரு பெரியவர் இருக்க வேண்டும், போகும் இடம் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

கார் எங்கே வந்து நிற்கும்?

அன்று காலை 9:10-க்கு மறுபடி போன் வந்தது. "மாமா, கார் வந்துருச்சுன்னு காட்டுது. வாசல்ல ஒரு காரும் இல்ல."

திரையில் நீங்கள் நிற்கும் இடத்தைக் காட்டும் நீலப் புள்ளி, செயற்கைக்கோள் சைகையை வைத்துப் போடப்படுவது. ஹரமைச் சுற்றி உயர்ந்த கட்டடங்கள் நெருக்கமாக நிற்கின்றன. சைகை அவற்றில் பட்டுத் திரும்பி வருவதால், புள்ளி அடுத்த தெருவுக்கு நகர்ந்துவிடும். வரவேற்பறைக்குள் நின்று கார் கூப்பிட்டால் இன்னும் விலகும். மலைகளைக் குடைந்த சுரங்கச் சாலைகளும் மேம்பாலங்களும் அங்கே அதிகம். வரைபடத்தில் இரண்டு சாலை ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தால், மேலே நிற்கும் உங்களுக்காகக் கார் கீழே வந்து காத்திருக்கும். அன்று நடந்தது தெரு மாறியதுதான். கார் விடுதியின் பின்பக்கத் தெருவில் நின்றது.

இதைத் தவிர்க்கும் வழி இதுதான். நீலப் புள்ளியை அப்படியே ஏற்காதீர்கள். ஏறும் இடத்தில் விடுதியின் பெயரைத் தட்டுங்கள். பிறகு வரைபடத்தைப் பெரிதாக்கி, குறியை விரலால் இழுத்து, முன்வாசல் இருக்கும் சாலையின் மேல் வையுங்கள். ஒருவழிச் சாலையாக இருந்தால் எதிர்ப்பக்கம் வைத்த குறிக்குக் கார் வெகுதூரம் சுற்றி வர வேண்டியிருக்கும். எந்த வாசலுக்குக் கார் வர விடுவார்கள் என்பதை முந்திய நாள் இரவே வரவேற்பறையில் கேட்டுவிடுங்கள். பாதசாரிகளுக்கு மட்டும் விட்ட தெருவில் விடுதி இருந்தால், கார் வரக்கூடிய அடுத்த முனையைச் சொல்வார்கள். பெரியவரை அதுவரை நடத்த வேண்டுமா, சக்கர நாற்காலி வேண்டுமா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

தவறிவிட்டது என்பதைத் திரையே காட்டும். வரும் நிமிடம் குறையாமல் 4, 6, 9 என்று ஏறினால் கார் சுற்றிக்கொண்டிருக்கிறது. வந்துவிட்டதாகக் காட்டியும் கண்ணில் படவில்லையென்றால் வேறு தெருவில் நிற்கிறது. அப்போது உடனே ரத்து செய்ய வேண்டாம். காத்திருப்பு நேரம் ஓடும் என்பது உண்மை. ஆனால் ரத்து செய்தால் கட்டணமும் போகலாம், அடுத்த காரும் அதே தவறான குறிக்கே வரும். ஓட்டுநரை அழைத்துப் போனை வரவேற்பறை ஊழியரிடம் கொடுங்கள். அவர் அரபியில் இரண்டு வரி சொன்னால் முடிந்துவிடும். அன்று அப்படித்தான் மூன்று நிமிடத்தில் கார் முன்வாசலுக்கு வந்தது. முன்கூட்டியே 50 நிமிடம் ஒதுக்கியிருந்ததால் யாரும் பதறவில்லை.

ஏறும் முன் நம்பர் பலகையைத் திரையோடு ஒப்பிடுங்கள். சவூதி பலகையில் அரபி இலக்கமும் ஆங்கில இலக்கமும் இரண்டும் இருக்கும். குர்ஆனில் ஆயத் எண் பார்த்துப் பழகிய நமக்கு அரபி இலக்கமும் தெரியும். ஆனால் அவசரத்தில் அரபி ஐந்து பூஜ்யம் போலவும், ஆறு ஏழு போலவும் கண்ணுக்குப் படும். ஆங்கில இலக்கத்தையே பாருங்கள். எண் பொருந்தவில்லையென்றால், ஓட்டுநர் உங்கள் பெயரைச் சொன்னாலும் ஏற வேண்டாம்.

திரும்பும் பயணம்

மதீனாவிலிருந்து ஊர் திரும்ப, அவர்களுக்கு ஜித்தாவில் இரவு 10:30-க்கு விமானம். இந்த முறை மருமகளே கணக்குப் போட்டு எனக்கு அனுப்பினார். விமான நிலையத்தில் நான்கு மணி நேரம் முன், அதாவது 6:30. முனையம் ஒன்று இல்லை, அதனால் ஒரு மணி நேரம் கூட்டி, ரயில் 5:30-க்குள் வந்து சேர வேண்டும். மதீனாவிலிருந்து விமான நிலையத்துக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் என்று வைத்தால், 3:30 அல்லது அதற்கு முந்திய ரயில். மதீனா ஸ்டேஷனும் பள்ளியிலிருந்து பல கிலோமீட்டர் கிழக்கே இருக்கிறது. லுஹர் தொழுது, கூட்டம் கலைந்து, 1:45-க்குக் கார். இறங்கும் இடத்தில் Airport என்ற சொல்லைச் சுற்றி வட்டம் போட்டு அனுப்பியிருந்தார்.

முதலில் மதீனா போய், பிறகு உம்ராவுக்காக மக்கா வருபவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். மதீனாவாசிகளின் மீக்காத்தான துல்ஹுலைஃபாவில் ரயில் நிற்காது. காரிலும் பேருந்திலும் போனால் அங்கே நிறுத்திக் குளித்து இஹ்ராம் உடுத்தலாம். ரயிலில் அதற்கு வழியில்லை. எனவே ரயில் எடுப்பவர்கள் மதீனா விடுதியிலேயே குளித்து, இஹ்ராம் துணி உடுத்திக் கிளம்ப வேண்டும். நிய்யத்தை எந்த இடத்தில் வைப்பது என்பதை டிக்கெட் எடுக்கும் முன்பே உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். டிக்கெட் எடுத்த பிறகு கேட்டால் பயண முறையை மாற்ற முடியாமல் போகலாம்.

பணம் கட்டும் பொத்தானைத் தொடும் முன் ஒரு காகிதத்தில் நான்கு வரி எழுதுங்கள்: ஏறும் ஸ்டேஷனின் முழுப் பெயர், இறங்கும் ஸ்டேஷனின் முழுப் பெயர், சவூதி நேரப்படி தேதியும் மணியும், விடுதியிலிருந்து கிளம்பும் மணி. அந்தக் காகிதத்தையும் திரையையும் பக்கத்தில் வைத்து, வீட்டில் இன்னொருவரைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். எடுத்தவர் கண்ணுக்குத் தப்பியது கேட்பவர் காதில் விழும். முதல் டிக்கெட்டை அப்படி ஒருவர் வாசித்திருந்தால், சுலைமானிய்யா எங்கே இருக்கிறது என்று மாமியாரே கேட்டிருப்பார். ஏனென்றால், மதீனாவில் ரவ்ளா தொழுது முடித்து அவர் போனில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்: "அந்த சுலைமானிய்யா எங்கதாம்ப்பா இருக்கு?"